படத்தைப் பார்த்துப் பொம்மை வாங்கும் செல்வத்துக்கு

விளாச்சேரி
ஆவணி 12

அன்புள்ள செல்வம்,

அத்தை எழுதுகிறேன். உங்கள் குடியிருப்புக் கொலுவின் நடுவில் வைக்க 18 இஞ்ச் மகாலட்சுமி வேண்டும் என்று நீ அனுப்பிய மூன்று படங்களையும் பேத்தி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். முதல் அம்மனுக்குத் தலை பெரிதாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்கிறாய். இரண்டாவது முகம் மனசுக்குப் பிடித்திருக்கிறது, அதையே எடுத்துவிடலாமா என்று கேட்கிறாய். மூன்றாவது மஞ்சள் பூத்த மாதிரி இருப்பதால் பெயிண்ட் சரியில்லை என்று முடிவே செய்துவிட்டாய். எனக்குத் தோன்றுவது வேறு. நீ ஒதுக்கிய முதல் பொம்மைதான் ஒருவேளை மூன்றிலும் நல்லது. போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பது வருஷம் பொம்மைக்குக் கண் எழுதியிருக்கிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிவது, படத்தில் பார்த்தால் தெரியாமல் போகும். படம் பொம்மையை மட்டும் காட்டுவதில்லை. எடுத்தவர் எங்கே நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதை முதலில் பிரித்து எடுத்துவிட வேண்டும்.

முதல் படத்தில் அம்மன் உட்கார்ந்திருக்கும் தாமரைப் பீடத்தைப் பார். வட்டமான பீடம் படத்தில் அகலமான நீள்வட்டமாக விரிந்து கிடக்கிறது. கிரீடத்தின் உச்சிக் குமிழுக்குப் பின்பக்கம்கூடக் கொஞ்சம் தெரிகிறது. அப்படியென்றால் பொம்மை தரையில் இருந்திருக்கிறது, கடைக்காரர் நின்றபடியே போனைக் கீழே சாய்த்து எடுத்திருக்கிறார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 54 இஞ்சில் இருந்தது, பொம்மையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார் என்று வைத்துக்கொள். 18 இஞ்ச் பொம்மையின் உச்சி போனிலிருந்து 43 இஞ்ச் தூரத்தில் இருக்கும், பீடத்தின் அடி 59 இஞ்ச் தூரத்தில் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். ஆக, மேல்பாகம் கீழ்பாகத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். மேலிருந்து பார்ப்பதால் இடுப்பும் மடியும் அமுங்கிச் சின்னதாகிவிடும். செய்தவர் அளவில் பிசகவில்லை. எடுத்த இடம்தான் பிசகு.

இதே பொம்மையைக் கீழே இருந்து எடுத்தால் முழங்கால் பெருத்து முகம் சிறுத்துப் போகும். வெகு கிட்டே போனைக் கொண்டுபோனாலும் அப்படித்தான், முன்னால் நீட்டியிருக்கும் முழங்காலும் அபயக் கையும் வீங்கித் தெரியும். எனவே அளவு பார்க்க ஒரே வழிதான் உண்டு. பொம்மையை மேஜையில் வைக்கச் சொல். போனை அம்மனின் மார்பு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு எட்டடி பின்னால் போய், அங்கிருந்து இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுக்கச் சொல். பீடத்தின் மேல்விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரிந்தால் படம் சரியான உயரத்தில் எடுத்தது என்று அர்த்தம். பக்கத்தில் அதே தூரத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்தால் உண்மையான உயரமும் தெரிந்துவிடும்.

அப்படி எடுத்த படம் வந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். திரையில் படத்தை நிறுத்தி, கிரீடத்தின் கீழ்விளிம்பில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரைக்கும் காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொள். அது ஒரு முகம். சிற்ப சாஸ்திரத்தில் இதைத் தாலம் என்பார்கள், ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். அந்த அங்குலம் கடையில் கேட்கும் இஞ்ச் இல்லை, அந்தந்த உருவத்திலிருந்தே பிரித்தெடுக்கும் அளவு. தேவியருக்கு மத்யம தச தாலம் என்று 120 அங்குலம் சொல்லப்பட்டிருக்கிறது. நின்ற உருவத்தில் பத்தில் ஒரு பங்கு முகம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நீ வாங்கப்போவது உட்கார்ந்த அம்மன். முடி எல்லையிலிருந்து உட்காரும் இடம் வரைக்கும் அந்தக் காகித அளவை வைத்து இறக்கிக்கொண்டே வா. கல்சிலை, பஞ்சலோகச் சிலைகளில் நாலு முகத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கொலுப் பொம்மையில் அவ்வளவு எதிர்பார்க்காதே. படியில் வைத்துத் தள்ளி நின்று பார்க்கிற பொம்மை என்பதால் முகத்தைச் சற்றுப் பெரிதாகத்தான் வைப்பார்கள், முகம் தெளிவாகத் தெரிந்தால்தான் அது கொலுப் பொம்மை. அதனால் நாலு வந்தால் நல்லது, மூன்றே முக்கால் வந்தாலும் எடுக்கலாம். மூன்று வந்தால் குள்ளமாகத்தான் இருக்கும். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரைக்கும் அகலமும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். அதில் ரொம்பக் குறைந்தால் அம்மன் பீடத்தில் ஒட்டி நிற்பது மாதிரி இருக்கும், உட்கார்ந்த அமைதி வராது. உன் முதல் படத்தில் நானும் வைத்துப் பார்த்தேன், மூன்றுதான் வந்தது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் வந்த மூன்று அது. நேராக எடுத்தால் நாலுக்குப் பக்கத்தில் வரும் என்பது என் ஊகம். மறுபடம் கேட்டுப் பார்.

முகத்துக்குள்ளேயும் ஒரு அளவு இருக்கிறது. முடி எல்லையிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கு நுனி, மூக்கு நுனியிலிருந்து மோவாய், மூன்றும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். நெற்றி குறைந்து மோவாய் நீண்டால் முகத்துக்கு வயசு கூடிவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும்.

இனி நீ ஆசைப்படும் இரண்டாவது பொம்மைக்கு வருகிறேன். கண்ணும் உதடும் பளிச்சென்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பளிச்செல்லாம் பெயிண்டில் இருக்கிறது. மண்ணில் என்ன இருக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை.

எங்கள் ஊரில் பொம்மை எப்படி உருவாகிறது என்று நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். கண்மாய் மண்ணைப் பிசைந்து, முன்பாதிக்கு ஒன்று பின்பாதிக்கு ஒன்று என்று இரண்டு அச்சில் அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒட்டி, நிழலில் உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். அச்சு புதிதாக இருக்கும்போது மூக்கு கூர்மையாக வரும், மேல் இமை ஒரு வரப்பு மாதிரி எழுந்து நிற்கும், இரண்டு உதட்டுக்கும் நடுவில் பள்ளம் விழும், விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். அதே அச்சில் திரும்பத் திரும்ப எடுத்தால் இதெல்லாம் மழுங்கிப் போகும். மூக்கு நுனி முதலில் போகும், அடுத்து இமை. அதற்கு மேல் வெள்ளைப் பூச்சைத் தடிமனாக இரண்டு மூன்று கை கொடுத்தால், மிச்சமிருக்கும் பள்ளமும் தூர்ந்துவிடும். பிறகு கண் எழுதுகிறவர் இல்லாத இமையைக் கோடாக வரைவார், இல்லாத உதட்டைச் சிவப்பில் எழுதுவார். கை தேர்ந்தவர் எழுதினால் எதிரே நின்று பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. நானே எத்தனையோ மழுங்கின முகத்துக்கு அப்படிக் கண் எழுதியிருக்கிறேன். அதனால்தான் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் எனக்குத் தெரியும்.

இரண்டு படம் கேள். ஒன்று, முகம் பக்கவாட்டில் இருக்கிற படம். பக்கத்திலிருந்து பார்க்கும்போது பெயிண்ட் எதையும் மறைக்க முடியாது. நெற்றி இறங்கி, மூக்கு எழுந்து, உதடு இரண்டாக மடிந்து, மோவாய் தனியாக உருண்டு வர வேண்டும். நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே சரிவாக, நடுவில் ஒரு மேடு மட்டும் தெரிந்தால் அது மழுங்கின அச்சு. இரண்டாவது, பக்க வெளிச்சத்தில் எடுத்த படம். லைட்டை அணைத்துவிட்டு, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழுகிற மாதிரி வாசற்படி ஓரத்தில் பொம்மையை வைத்து எடுக்க வேண்டும், பிளாஷ் கூடாது. பிளாஷ் எதிரே நேராக அடித்து எல்லா மேடு பள்ளத்தையும் சமமாக்கிவிடும். பக்க வெளிச்சத்தில் நிஜமான இமைக்குக் கீழே மெல்லிய நிழல் விழும், வரைந்த இமைக்கு விழாது. நீ அனுப்பிய இரண்டாவது படம் முழுக்க பிளாஷ், மூக்குத்திக் கல்லிலேயே அந்த ஒளிப்புள்ளி தெரிகிறது. அந்த முகத்தை நம்பிப் பணம் அனுப்பாதே.

பக்க வெளிச்சப் படத்தில் இன்னும் ஒன்று தெரியும். முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்த தையல் காதுக்குப் பின்னால் இறங்கி, தோளில் ஓடி, கை வழியாகப் போகும். நன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் அது தெரியாது. சோம்பலாக விட்டிருந்தால் தோளில் ஒரு தழும்பு மாதிரிக் கோடு நிற்கும். தோளில் தேய்க்காதவர் முகத்தில் மட்டும் பொறுமையாக வேலை செய்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

கண்ணைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பெயிண்ட் வேலையில் கடைசியாக எழுதுவது கண், அதுவரைக்கும் பொம்மைக்கு உயிர் இல்லை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்வார்கள். படத்தைப் பெரிதாக்கி முதலில் கருவிழியைப் பார். லட்சுமிக்குக் கருவிழியின் மேல்பக்கம் இமைக்கு உள்ளே கொஞ்சம் மறைந்திருக்க வேண்டும். கருவிழியைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தால் விழித்துப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். காளிக்கு அது பொருந்தும், லட்சுமிக்குப் பொருந்தாது. கருவிழியில் வைக்கிற வெள்ளைப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கண்ணில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் வைத்திருந்தால் பார்வை கலைந்துவிடும், ஏன் என்று தெரியாமலே நமக்கு உறுத்தும். புருவம் ஒரே இழுப்பில் வந்ததா என்று பார். மூக்குப் பக்கம் தடித்துத் தொடங்கி, போகப் போக மெலிந்து முடிந்தால் அது தேர்ந்த கை. நடுவில் நடுங்கி, மறுபடி பூசித் தடிமன் ஏறியிருந்தால் அது அவசர வேலை.

இதோடு ஒரு காரியம் செய். போனில் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது, அதில் திருப்பிப் பார். ஒரு முகத்தையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கோணல் நம் கண்ணுக்குப் பழகிவிடும், திருப்பினதும் கோணல் சட்டென்று தெரியும். நான் எழுதும் காலத்தில் பொம்மைக்கு எதிரே கைக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், அதே வேலைதான் இது. ஆனால் முடிவு சொல்வதற்கு முன்னால் காதைப் பார்த்துக்கொள். ஒரு காது கூடுதலாகத் தெரிந்தால் பொம்மை கொஞ்சம் திரும்பி இருக்கிறது, அப்போது ஒரு கண் சிறுத்துத் தெரிவது குற்றமில்லை.

மூன்றாவது படத்தின் மஞ்சள், பெயிண்டின் மஞ்சள் இல்லை. பின்னால் இருக்கிற சுவரும் மஞ்சளாகத்தான் இருக்கிறது, பக்கத்தில் கிடக்கிற செய்தித்தாளும் மஞ்சள். குண்டு பல்பு வெளிச்சம் அது. பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல். படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால் முகத்தின் நிறத்தையும் நம்பலாம். போனில் அழகு கூட்டுகிற வசதி எதுவும் ஓடக்கூடாது என்றும் சொல், அது பொம்மை முகத்தையும் வழவழப்பாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், பெரிதாக்கினால் புருவக் கோடு கரைந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடி வரும்.

பெயிண்டின் தரத்தை நிறத்தில் தேடாதே. இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் தேடு. கழுத்தில் அட்டிகை முடிந்து தோல் தொடங்குகிற ஓரத்தைப் பார், புடவைக் கரையைப் பார், விரலுக்கும் தாமரைக்கும் நடுவைப் பார். அங்கே ஓரம் சுத்தமாக இருந்தால் பிரஷ் பிடித்தவர் பொறுமைசாலி. தங்கநிறம் தோலில் தூசி மாதிரிப் படர்ந்திருந்தால், மறைப்பு வைக்காமல் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். மோவாய்க்குக் கீழேயும் கைக்கு அடியிலும் பெயிண்ட் வழிந்து முத்தாக நிற்கிறதா என்று பார், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் விட்டிருப்பார்கள். கன்னத்தில் ஊசி குத்தின மாதிரிப் பொடிக் குழிகள் இருந்தால், மண்ணுக்கு அடிப்பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. சிறு கொப்புளம் தெரிந்தால் ஈரம் முழுக்கப் போகாத பொம்மைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அது பின்னால் செதில் செதிலாக உரியும்.

மினுமினுப்பு எப்படி என்பதும் படத்தில் தெரியும். கன்னத்தில் வெளிச்சம் கூரான புள்ளியாக நின்றால் எண்ணெய்ப் பெயிண்ட் அல்லது மேலே வார்னிஷ், பரவலாக மங்கித் தெரிந்தால் மேட். எனக்கு முகம் மேட்டாகவும் நகை மட்டும் மினுங்கலாகவும் இருப்பதே பிடிக்கும், முகம் மினுங்கினால் கண் எழுதினதெல்லாம் அந்த வெளிச்சத்தில் அடிபட்டுப் போகும். ஆனால் உங்கள் கொலு எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பொதுக்கூடத்தில். லேசாக வார்னிஷ் போட்டதானால் துடைக்க வசதி, அதைக் குறையாக எடுக்காதே. கரைக்கிற பிள்ளையாருக்கு இந்த யோசனை பொருந்தாது. அதற்குச் சுடாத மண்ணும் தண்ணீரில் கரையும் நிறமும்தான் வேண்டும், எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் பட்ட எதையும் குளத்தில் போடக்கூடாது.

ஒரு பொம்மையில் நான் ஏமாந்ததையும் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் தெரிந்தவர்கள் வீட்டுக்காக, வெளியூர் வியாபாரி ஒருவர் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்து ஒரு சரஸ்வதி எடுத்துக் கொடுத்தேன். கழுத்தில் மூன்று அடுக்கு ஆரம், தடிமனான தங்கப் பூச்சு, பார்க்க லட்சணமாக இருந்தது. பெட்டியைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்தபோது ஆரத்துக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் வேறு விதமாக மினுங்கியது. தொட்டால் அங்கே மண் இல்லை, பட்டி. உலரும்போது கழுத்தில் விரிசல் விட்டிருக்கிறது, பட்டி வைத்து அடைத்து மேலே ஆரம் போட்டு மறைத்திருக்கிறார்கள். மறுவருஷம் பரணிலிருந்து எடுக்கும்போது தலை தனியாகக் கையில் வந்தது. அந்த வீட்டுக் குழந்தை அழுதது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மண்பொம்மை விரிசல் விடுவது மெலிந்த இடத்தில்தான்: கழுத்து, மணிக்கட்டு, காது. அந்த இடங்களில் மட்டும் நகை அளவுக்கு மீறித் தடித்திருந்தாலோ, பெயிண்டின் மினுங்கல் மாறியிருந்தாலோ, கிட்டப் படம் கேட்காமல் விடாதே. படத்தில் தெரியாவிட்டாலும், விரலால் தட்டி ஒரு வீடியோ எடுக்கச் சொல்லலாம். நன்றாக வெந்த முழுப் பொம்மை கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கி டப்பென்று கேட்கும்.

கடைசியாக ஒரு படம், எல்லாரும் கேட்க மறப்பது. பொம்மையைப் படுக்க வைத்து அடிப்பாகத்தை எடுக்கச் சொல். அங்கே பெயிண்ட் இருக்காது, மண் மண்ணாகவே தெரியும். செம்பழுப்பாக, உள்ளே மண்ணை அழுத்தின விரல்தடம் தெரிந்தால் அது சுட்ட மண். சாக்பீஸ் மாதிரி வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நார் நாராகத் தெரிந்தால் காகிதக்கூழ். காகிதக்கூழும் நல்ல பொம்மைதான், எடை குறைவு, ஆனால் மண்பொம்மை என்று சொல்லி அதை விற்கக்கூடாது. சுட்ட மண்ணின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது மண்ணின் உப்பு. ஈரம் இருக்கிற இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பெயிண்டும் நாளாக நாளாகக் கிளம்பும்.

ஆகவே முதல் பொம்மைக்காரரிடம் நேர்ப்படம், பக்கவாட்டுப் படம், வாசல் வெளிச்சத்தில் முகம், அடிப்பாகம் என்று நாலு படம் கேள். மரியாதையாகக் கேள், அவர் வேலையைச் சந்தேகப்படுகிற மாதிரிக் கேட்காதே. நவராத்திரிக்கு முன்னால் பொம்மைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதனால் இன்றைக்கே கேட்டுவிடு. இரண்டாவதுகாரரிடம் பக்கவாட்டுப் படம் ஒன்று மட்டும் போதும், அதிலேயே தெரிந்துவிடும். மூன்றாவதை வெள்ளைத்தாளோடு ஒருதரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வந்த படங்களை எனக்கும் அனுப்பு, பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வர நாலரை ஆகும், அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. கொலுவுக்கு நான் வர முடிந்தால் சின்னப் பிரஷும் கொஞ்சம் கருப்பும் கையோடு எடுத்து வருகிறேன். வழியில் மூக்கிலோ விரல் நுனியிலோ பெயிண்ட் பெயர்ந்திருந்தால் நீங்கள் யாரும் தொடாமல் வையுங்கள்.

அன்புடன்,
அத்தை